வயசானவங்க தூக்கம்: சீக்கிரம் முழிக்கறது எப்ப சாதாரணம், எப்ப கவனிக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கப்பாவுக்கு 71 வயசு. தினமும் மூணு, மூணேகாலுக்கே எழுந்து உக்காந்துக்கறாரு. இது ஏதாவது வியாதியா சிஸ்டர்?

நான் முதியோர் ஓ.பி.ல பதினோரு வருஷமா நர்ஸா இருக்கேன். வாரத்துக்கு நாலு பேராவது இதையே கேக்கறாங்க, அதனாலதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். இதுக்கு நான் உடனே பதில் சொல்ல மாட்டேன், முதல்ல ரெண்டு விஷயம் கேப்பேன். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறாரு? பகல்ல ஆள் எப்படி இருக்காரு?

இவரு எட்டரைக்குப் படுத்து ஒன்பதுக்குள்ள தூங்கிடறாராம். ஒன்பதுலேர்ந்து மூணேகால்னா ஆறேகால் மணி நேரம் ஆச்சு. பகல்ல பேப்பர் படிக்கறாரு, கடைக்குப் போறாரு, மத்தியானம் கொஞ்சம் கண் அசர்றாரு, எரிஞ்சு விழறதில்ல. அப்ப இது வியாதி இல்லீங்க, தூக்கம் சீக்கிரம் ஆரம்பிச்சு சீக்கிரம் முடிஞ்சிருக்கு. வீட்ல மத்த எல்லாரும் தூங்கிட்டிருக்கற நேரத்துல ஒருத்தர் மட்டும் உக்காந்திருக்கறதப் பாத்தா நமக்குப் பயமா இருக்கும், ஆனா எழுந்த மணியை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

சரி, ஆனா வயசானா ஏன் இப்படி நேரம் முன்னாடி நகருது?

மூளைக்கு அடியில, கண்ணுலேர்ந்து வர்ற நரம்புங்க ஒண்ணுக்கொண்ணு குறுக்க போற இடத்துக்கு மேல, அரிசி மணியை விடச் சின்னதா ஒரு செல் கூட்டம் இருக்கு, அதுதான் உடம்போட கடிகாரம். சாயந்திரம் ஆனா மெலடோனின் சுரக்க வைக்கறது, ராத்திரி உடம்புச் சூட்டை இறக்கறது, விடியறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்தறது எல்லாம் அது சொல்ற நேரத்துக்குத்தான் நடக்கும். சூடு ஏற ஆரம்பிச்சதும் தூக்கம் கலைய ஆரம்பிக்கும். வயசாக வயசாக இந்த மொத்த வரிசையும் ஒரு மணி நேரம், சிலருக்கு அதுக்கும் மேல முன்னாடி நகர்ந்துடுது. அதே வீட்ல பதினாறு வயசுப் பேரனுக்குப் பாத்தீங்கன்னா நேர் எதிரா கடிகாரம் பின்னாடி தள்ளிப் போயிருக்கும், பன்னெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராது, காலைல எழுப்பவும் முடியாது. தாத்தாவும் பேரனும் ரெண்டு பேருமே வேணும்னு பண்ணல.

இன்னொரு காரணம் கண்ணு. கடிகாரத்துக்கு நேரம் சொல்றது வெளிச்சம்தான், முக்கியமா நீல வெளிச்சம். வயசானா கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகும், புரை விழும், கண்ணு நடுவுல இருக்கற கருப்புப் பாப்பாவும் சின்னதாயிடும், அதனால உள்ள போற வெளிச்சம் குறைஞ்சு போகும். அதோட முழங்கால் வலின்னு வெளியவே போகாம நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்துல உக்காந்திருந்தா கடிகாரத்துக்குப் பகல் எது ராத்திரி எதுன்னே சரியா பிடிபடாது.

அம்மா முன்னாடி இடி விழுந்தாலும் தூங்குவாங்க. இப்ப கேட்டைத் திறந்தாலே முழிச்சுக்கறாங்க, அது ஏன்?

தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி போறதில்ல. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்னு மாறி மாறி வரும், ஒரு சுத்து சுமாரா ஒன்றரை மணி நேரம். இதுல ஆழ்ந்த தூக்கத்துலதான் மூளை அலை பெருசா, மெதுவா ஓடும், அப்ப காதுகிட்ட கூப்பிட்டாக்கூட சட்டுன்னு எழுந்திருக்க மாட்டாங்க. இந்த ஆழ்ந்த தூக்கம் முப்பது நாப்பது வயசுலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா குறைய ஆரம்பிச்சிடும், ஆம்பளைங்களுக்கு இன்னும் வேகமா குறையும். அறுபது தாண்டும்போது ராத்திரியில பெரும்பகுதி லேசான தூக்கமாத்தான் இருக்கும்.

அதுலயும் இருக்கற கொஞ்ச ஆழ்ந்த தூக்கம் ராத்திரியோட முதல் பாதியிலயே முடிஞ்சு போயிடும். அதனாலதான் பதினோரு மணிக்கு நாய் குரைச்சா தெரியாதவங்களுக்கு மூணு மணிக்குப் பால் வண்டி சத்தம் கேக்குது. சத்தம் அதிகமாகல, அந்த நேரத்துல அவங்க தூக்கம் மெல்லிசா இருக்கு.

வயசானவங்களுக்கு அஞ்சு மணி நேரம் தூங்கினாலே போதும்னு சொல்றாங்களே?

அது சரியில்லீங்க. 65 வயசுக்கு மேல ஏழுலேர்ந்து எட்டு மணி நேரம்னுதான் அமெரிக்காவோட நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015ல சொன்னாங்க, சிலருக்கு அஞ்சு ஆறே சரியா இருக்கலாம்னும் சேத்துதான் சொன்னாங்க. தேவை பெருசா குறையல, ஒரே மூச்சா தூங்கற சக்திதான் குறைஞ்சிருக்கு. அதுக்காக எட்டு மணி நேரம் தூங்கியே ஆகணும்னு யாரையும் விரட்டவும் கூடாது. ஆறு மணி நேரம் தூங்கிட்டு பகல் முழுக்க தெளிவா இருக்கறவங்களுக்கு அந்த ஆறு போதும். எட்டு மணி நேரம் தூங்கியும் காலைல பத்து மணிக்குச் சேர்ல உக்காந்தபடியே தலை தொங்குதுன்னா அந்த எட்டுல ஏதோ கோளாறு இருக்கு.

நடுராத்திரில எத்தனை தடவை முழிச்சா நார்மல்னு எடுத்துக்கலாம்?

ஒண்ணு ரெண்டு தடவை முழிச்சு, யூரின் போயிட்டு வந்து கால் மணி, இருபது நிமிஷத்துல திரும்ப தூக்கம் பிடிச்சா கவலையே வேணாம். முழிச்சா அரை மணி, முக்கா மணின்னு புரண்டுக்கிட்டே இருக்கறது, அது வாரத்துல மூணு நாளாவது நடக்கறது, மூணு மாசமா தொடர்றது, பகல்ல சோர்வு, எரிச்சல், மறதின்னு காட்டறது, இதெல்லாம் சேந்தாத்தான் தூக்கமின்மைன்னு டாக்டருங்க பேரு வைப்பாங்க. பகல் நல்லா இருந்தா அந்தப் பேரே வராது.

இதுல ஒரு சின்ன வேலை பண்ணுங்க, கட்டிலுக்கு எதிர்ல கடிகாரம் மாட்டியிருந்தா கழட்டிடுங்க. முழிச்சதும் மணி பாக்கறது, "ஐயோ ரெண்டுதான் ஆச்சு"ன்னு மனசு ஓடறது, அப்படி ஓடினாலே பாதித் தூக்கம் போயிடும்.

மாமியார் "பொட்டுத் தூக்கம் இல்ல"ன்னு தினமும் சொல்றாங்க. ஆனா பக்கத்து ரூம்ல எங்களுக்குக் குறட்டைச் சத்தம் கேக்குது. யாரை நம்பறது?

ரெண்டு பேரும் பொய் சொல்லல. மேல சொன்ன லேசான தூக்கத்துல இருக்கறப்ப எழுப்பிக் கேட்டா "நான் முழிச்சுத்தான் இருந்தேன்"னு சத்தியமாவே சொல்வாங்க, அவங்களுக்கு அப்படித்தான் தோணும். "நீங்க நல்லாத்தான் தூங்கினீங்க அத்தை"ன்னு மறுத்துப் பேசினா நம்ம கஷ்டம் யாருக்கும் புரியலன்னு ரொம்ப வருத்தப்படுவாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பேசாதீங்க.

ஒரு நோட்டு வாங்குங்க. ரெண்டு வாரம், தினமும் காலைல காபி குடிக்கும்போது எழுதுங்க: எத்தனைக்குப் படுத்தாங்க, சுமாரா எத்தனைக்குத் தூக்கம் வந்துச்சு, எத்தனை தடவை முழிச்சாங்க, எத்தனைக்கு எழுந்தாங்க, பகல்ல எவ்வளவு தூங்கினாங்க. தோராயமா எழுதினா போதும், ராத்திரி மணி பாத்து எழுத வேணாம். அந்த நோட்டை ஓ.பி.க்குக் கொண்டு வந்தீங்கன்னா டாக்டருக்கு அது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி. குறட்டைக்கு மட்டும் தனியா கீழ எழுதியிருக்கேன், அதைப் படிச்சிடுங்க.

தூக்கம் பத்தலன்னு அம்மா எட்டரைக்கே படுத்துடறாங்க. சீக்கிரம் படுத்தா கூட கொஞ்சம் தூக்கம் கிடைக்குமில்ல?

கிடைக்காதுங்க, இங்கதான் நிறைய பேரு தெரியாம மாட்டிக்கறாங்க. எங்ககிட்ட வந்த 68 வயசு அம்மா ஒருத்தங்க நோட்டுல இருந்ததை அப்படியே சொல்றேன். ராத்திரி எட்டரைக்குப் படுக்கறாங்க, காலைல ஆறுக்கு எழுந்திருக்கறாங்க, அப்ப கட்டில்ல இருந்தது ஒன்பதரை மணி நேரம். அதுல தூங்கினது சராசரியா ஆறு மணி நேரம். மிச்சம் மூணரை மணி நேரம் இருட்டுல கண்ணை முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க, அதுபோக மத்தியானம் ஒன்றரை மணி நேரத் தூக்கம். அவங்க உடம்பால தர முடிஞ்ச ஆறு மணி நேரத்தை ஒன்பதரை மணி நேரத்துல பரப்பினதால மாவு தண்ணியாப் போன தோசை மாதிரி எங்க பாத்தாலும் ஓட்டை.

டாக்டர் சொன்னது இதுதான். காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிங்க, எப்படித் தூங்கியிருந்தாலும் அதே அஞ்சு. ராத்திரி பத்தே முக்காலுக்கு முன்னாடி கட்டிலுக்குப் போகாதீங்க. ஆக ஆறேகால் மணி நேரம். முழிச்சு ரொம்ப நேரம் தூக்கம் வரலன்னா எழுந்து ஹால்ல மங்கலான லைட்ல உக்காருங்க, கண்ணு சொருகினதும் போங்க. முதல் வாரம் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, சீரியல் முடிஞ்சதும் சோபாவுலயே சாஞ்சிடுவாங்க, அதனால மருமக முருங்கைக்கீரையை முன்னாடி வச்சு உருவச் சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க. மூணாவது வாரத்துல படுத்த கால் மணியில தூக்கம், நடுவுல ஒரே ஒரு தடவை முழிப்பு, காலைல நாலே முக்காலுக்கு எழுந்தாங்க, கட்டில்ல இருந்த நேரத்துல எண்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல தூக்கம். அதுக்கப்புறம் கால் மணி கால் மணியா படுக்கற நேரத்தை முன்னாடி கொண்டு வந்து பத்தேகால்ல நிறுத்தினாங்க. இப்பவும் அவங்க தூங்கறது அதே ஆறு மணி நேரம்தான், ஆனா ஒரே துண்டா தூங்கறாங்க, "தூங்கினேன்"னு அவங்களே சொல்றாங்க.

இதை நீங்களா வீட்ல செய்யறதுன்னா கட்டில் நேரத்தை அஞ்சரை மணி நேரத்துக்குக் கீழ இறக்கவே கூடாது. வலிப்பு இருக்கறவங்க, பைபோலார் மனநோய் இருக்கறவங்க, நடக்கும்போது தடுமாறி விழறவங்க, மூச்சு நின்னு நின்னு குறட்டை விடறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே வேணாம்.

அப்ப மத்தியானத் தூக்கத்தை நிறுத்திடணுமா?

நிறுத்த வேணாம், அளவு வைங்க. முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே போகும், அது சேரச் சேரத்தான் ராத்திரி தூக்கம் அமுக்கும். மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கினா அதுல ஒரு பங்கை அப்பவே கரைச்சாச்சு. மூணு மணிக்கு முன்னாடி, அரை மணி நேரம், அலாரம் வச்சு. சாயந்திரம் ஏழு மணிக்கு டிவி முன்னாடி வர்ற அந்த இருபது நிமிஷக் குட்டித் தூக்கம்தான் மத்தியானத் தூக்கத்தை விட மோசம், ராத்திரியை அதுதான் அதிகம் கெடுக்குது. நாலு மணி காபியும் இதே கணக்குதான், குடிச்சதுல பாதி காஃபின் அஞ்சு மணி நேரம் கழிச்சும் ரத்தத்துல இருக்கும், அது அடினோசின் வேலையைத் தடுக்கும்.

அப்பா விடியற்காலை வாக்கிங்தான் போவாரு. அது நல்லதுதானே?

நடக்கறது நல்லது, நேரம்தான் அவருக்கு ஒத்து வரல. விடியற்காலை கண்ணுல படற வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் முன்னாடி தள்ளும், சாயந்திர வெளிச்சம் பின்னாடி இழுக்கும். ஏற்கெனவே மூணு மணிக்கு முழிக்கறவரு ஆறு மணிக்கு வெளிய போய் முழு வெளிச்சம் வாங்கினா கடிகாரம் அங்கயே கெட்டிப்பட்டுடும். சாயந்திரம் நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் மொட்டை மாடியிலயோ தெருவுலயோ நடக்கட்டும், முடியலன்னா வாசல்ல சேர் போட்டு உக்காந்தாலும் சரி. மூணு மணிக்கு முழிச்சா பளிச்சுன்னு ட்யூப்லைட் போட வேணாம், செல்லும் வேணாம், விழாம பாத்ரூம் போக தரைகிட்ட ஒரு சின்ன நைட் லேம்ப் போதும். ரெண்டு மூணு வாரம் விடாம பண்ணினாத்தான் மாற்றம் தெரியும்.

ராத்திரி நாலு அஞ்சு தடவை யூரினுக்கு எழுந்திருக்கறாங்க. இதுவும் வயசுதானா?

ஒண்ணு ரெண்டு தடவைன்னா வயசு. ராத்திரி யூரினைக் கம்மி பண்ற ஹார்மோன் ஒண்ணு இளவயசுல நல்லா சுரக்கும், வயசானா அது குறையும். நாலு அஞ்சுன்னா வேற ஏதோ இருக்கு. பகல் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கறவங்களுக்குக் கணுக்கால்ல நீர் இறங்கும், படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி கிட்னி வழியா வெளிய வரும், ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பாத்ரூம்ல கொட்டறது அந்தத் தண்ணிதான். சாயந்திரம் ஒரு மணி நேரம் காலைத் தலகாணி மேல உயர்த்தி வச்சா அது முன்னாடியே இறங்கிடும். நீர் பிரியற மாத்திரையை ராத்திரி சாப்பாட்டோட சேத்துப் போட்டுக்கறவங்களும் உண்டு, அதைக் காலைக்கு மாத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க. சுகர் கன்ட்ரோல்ல இருக்கா, ஆம்பளைங்கன்னா ப்ராஸ்டேட் எப்படின்னும் பாக்கணும். ராத்திரி போகணுமேன்னு பகல்ல தண்ணியே குடிக்காம இருக்காங்க, அது ரொம்பத் தப்பு, படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மட்டும் குறைங்க.

ஒரு காரணம் யாருக்கும் தோணாது, குறட்டை. தொண்டை அடைச்சு மூச்சு நிக்கும்போது நெஞ்சுக்குள்ள இழுவை அதிகமாகி இதயம் கிட்னியை யூரின் வெளியேத்தச் சொல்லும். குறட்டை விட்டுக்கிட்டே இருந்து திடீர்னு சத்தம் நின்னு, பத்து பதினஞ்சு செகண்டு கழிச்சு மூச்சைப் பிடிச்சு இழுத்து எழுந்தாங்கன்னா அது வயசு இல்ல, ஸ்லீப் ஆப்னியா. செல்போன்ல ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிக் காட்டுங்க. மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது, மூணு தலகாணி வேணும், உக்காந்தாத்தான் சரியாகுதுன்னா அது வேற, இதயத்தை உடனே பாக்கணும்.

மூணு மணிக்கு முழிக்கறது கடிகாரத்தாலயா மனசாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அம்மா முழிச்சதும் அழறாங்க.

இது கஷ்டமான கேள்வி, வீட்ல இருக்கறவங்கதான் முதல்ல கண்டுபிடிக்க முடியும். கடிகாரம் முன்னாடி நகர்ந்தவங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கே தூக்கம் கண்ணைக் கட்டும், காலைல முழிச்சா தெளிவா இருப்பாங்க, கோலம் போடப் போயிடுவாங்க. மனச்சோர்வு இருக்கறவங்களுக்குச் சாயந்திரம் தூக்கம் சீக்கிரம் வர்றதில்ல, ஆனா மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், அந்த நேரம்தான் அவங்களுக்கு நாள்லயே பாரமான நேரம், சாயந்திரம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாகும். சாப்பாடு இறங்கல, ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிடுச்சு, பேத்தி வந்தாலும் முகம் மாறலன்னு ரெண்டு வாரமா இருந்தா கூட்டிட்டு வந்துடுங்க. "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்"னு சொன்னா ரெண்டு வாரம் காத்திருக்கவும் வேணாம். இதுக்கு நல்ல மருந்து இருக்கு, வயசானவங்களுக்கும் கேக்கும்.

தாத்தா தூக்கத்துல கத்தறாரு, கையை வீசி அடிக்கறாரு, ஒரு தடவை கட்டில்லேர்ந்தே விழுந்துட்டாரு. கெட்ட கனவுதானே?

கனவுத் தூக்கத்துல நம்ம கை கால் தசையெல்லாம் மூளை கட்டிப் போட்டிருக்கும், அதனாலதான் கனவுல ஓடினாலும் கட்டில்ல அசையாம இருக்கோம். அந்தக் கட்டு அவிழ்ந்தா கனவுல அடிக்கறது நிஜமாவே அடியா விழும். பெரும்பாலும் விடியற்காலை பக்கமா வரும், எழுப்பினா டக்குன்னு தெளிஞ்சு கனவைச் சொல்வாங்க. சில மனநல மாத்திரையாலயும் வரலாம், ஆனா பல பேருக்கு இது பல வருஷம் கழிச்சு வரப்போற பார்க்கின்சன் மாதிரி நோயோட முதல் அறிகுறியா இருக்கு. நரம்பு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் மெத்தையைத் தரையில போடுங்க, பக்கத்துல இருக்கற கண்ணாடி டம்ளர், ஸ்டூலை நகர்த்திடுங்க, பாட்டியை வேற கட்டில்ல படுக்கச் சொல்லுங்க.

பேசாம ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துட்டா என்ன?

நாங்க தயங்கறதுக்குக் காரணம் இடுப்பு எலும்பு. அல்ப்ரஸோலம் மாதிரி மாத்திரை வயசானவங்க உடம்புல ரொம்ப நேரம் தங்கும், ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தா கால் தடுமாறும், விழுந்தா எலும்பு முறியும், அதுக்கப்புறம் முன்ன மாதிரி நடக்கறவங்க கம்மி. சளிக்குக் கடையில வாங்கற தூக்கம் வர்ற மாத்திரையும் பத்திரமானது இல்ல, அதுல மறதியும் குழப்பமும் மலச்சிக்கலும் வரும். மேல சொன்ன கட்டில் நேரக் கணக்கும் பழக்கத்தை மாத்தற பயிற்சியும் சேந்த சிகிச்சையைத்தான் முதல்ல பண்ணனும்னு அமெரிக்க டாக்டர்கள் அமைப்பு 2016லயே எழுதி வச்சிருக்கு.

ஏற்கெனவே வருஷக்கணக்கா போட்டுக்கிட்டிருந்தா இதைப் படிச்சிட்டு இன்னைக்கே நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும். டாக்டரோட சேந்து வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

ரெண்டு நாளா பாட்டிக்கு ராத்திரி பகல் மாறிப் போச்சு. ராத்திரி முழுக்க நடக்கறாங்க, என்னையே யாருன்னு கேக்கறாங்க. வயசுக் கோளாறுன்னு விட்டுடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்துல "பொறுத்துப் பாருங்க"ன்னு எழுதினது எதுவும் இதுக்குப் பொருந்தாது. வயசால வர்ற மாற்றம் வருஷக்கணக்குல வரும், ரெண்டு நாள்ல வராது. யூரின்ல இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, ரத்தத்துல சோடியம் குறையறது, சுகர் இறங்கறது, மலம் அடைச்சுக்கிட்டது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும், காய்ச்சல் இல்லாமலேகூட இப்படி வரும். சுகர் மெஷின் வீட்ல இருந்தா இப்பவே குத்திப் பாருங்க. குறைவா இருந்தா, அவங்களால முழுங்க முடிஞ்சா, சர்க்கரைத் தண்ணி கொடுத்துட்டுக் கிளம்புங்க. அவங்க போட்டுக்கற எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்தும் சேத்து, ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, போகும்போது அவங்க கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காம போட்டு விடுங்க.